மூன்று லாஸும் இறங்குகிறது, முகம் மட்டும் மாறவில்லை: ஐடென்டிட்டி, ரீகன்ஸ்ட்ரக்ஷன், பெர்செப்சுவல் எது எதற்கு?

சாலிகிராமம்_காம்ப் | மே 8, இரவு 11:40

ஒரு குறும்படத்துக்கு முக மாற்று மாடல் டிரெயின் செய்கிறேன். நாயகிக்குப் பதில் டூப் ஓடுகிற, மாடியிலிருந்து குதிக்கிற ஷாட்கள். டூப் முகத்தில் நாயகி முகம் வரவேண்டும். நாயகி சோர்ஸ், டூப் டார்கெட். இரண்டு பேரும் எழுத்தில் சம்மதம் தந்திருக்கிறார்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்த இரண்டு படம் கொடுத்தாலும் மாற்றுகிற வகை மாடல் இது. படத்தை வரைய ஒரு ஜெனரேட்டர், பக்கத்தில் முகத்தை வைத்து ஆளை அடையாளம் காண ஆர்க்ஃபேஸ், நிஜமா போலியா என்று பார்க்க ஒரு டிஸ்கிரிமினேட்டர். படம் 224க்கு 224. லாஸ்களின் வெயிட்: ரீகன்ஸ்ட்ரக்ஷன் 10, ஐடென்டிட்டி 5, பெர்செப்சுவல் 1.

மாடலின் பிழையை அளக்கிற மொத்த லாஸ் அழகாக இறங்குகிறது. ஆனால் வெளியே வருவது டூப்பின் முகமேதான். கொஞ்சம் மழுங்கலாக, ஃபவுண்டேஷன் பூசினது போல. நாயகி எங்குமே இல்லை. எந்த வெயிட்டை ஏற்றுவது? அதைவிட முக்கியம், இந்த மூன்றும் தனித்தனியாக என்ன செய்கின்றன என்று யாராவது நேராகச் சொல்லுங்கள். படித்ததெல்லாம் சூத்திரமாகவே இருக்கிறது.

பழைய_ரோட்டோ | மே 9, காலை 7:15

ஐடென்டிட்டி லாஸே வேண்டாம் தம்பி. தூக்கிப் போடுங்கள். நான் வடபழனியில் இந்த வேலையை ஆரம்பித்த காலத்தில் ரீகன்ஸ்ட்ரக்ஷன் ஒன்றுதான். முகத்தைச் சுருக்க ஒரு என்கோடர், திரும்ப வரைய இரண்டு டிகோடர். ஒரு டிகோடர் நாயகி முகத்தை மட்டும் வரையப் பழகும், இன்னொன்று டூப் முகத்தை மட்டும். கடைசியில் டூப் படத்தை உள்ளே விட்டு நாயகி டிகோடர் வழியாக எடுத்தால் மாற்றம் வந்துவிடும். ஆர்க்ஃபேஸ் எதுவும் நடுவில் கிடையாது. நன்றாகவே வரும்.

தரமணி_நைட்ஷிப்ட் | மே 9, காலை 9:50

ரோட்டோ அண்ணன் சொல்வது அவர் சொல்கிற கட்டுமானத்துக்கு முழுக்கச் சரி. அங்கே நாயகி யார் என்கிற தகவல் டிகோடருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த டிகோடருக்கு வேறு யார் முகத்தையும் வரையத் தெரியாது, அதனால் தனியாக ஒரு லாஸ் வைத்து "நாயகி மாதிரி வரை" என்று சொல்லத் தேவையில்லை.

கேட்டவரிடம் இருப்பது ஒரே ஜெனரேட்டர். அதற்கு எல்லார் முகமும் வரையத் தெரியும். யாருடையதை வரைய வேண்டும் என்பதை யாராவது சொல்லியாக வேண்டும். அந்த வேலை ஐடென்டிட்டி லாஸுக்கு. அதை எடுத்தால் இந்த மாடலில் மாற்றம் நடக்கவே நடக்காது.

ஏன் என்று பொறுமையாகப் பார்க்கலாம், எல்லாக் குழப்பமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

டிரெயினிங்கில் இரண்டு வகை ஜோடி வரும். சோர்ஸும் டார்கெட்டும் ஒரே படம் என்றால் சரியான பதில் நம் கையில் இருக்கிறது, அந்தப் படமேதான். கடைசிப் பக்கத்தில் விடை போட்ட கணக்கு மாதிரி. சோர்ஸும் டார்கெட்டும் வேறு வேறு ஆள் என்றால் விடை எங்கேயும் கிடையாது. டூப் குதிக்கிற அதே நொடியில், அதே கோணத்தில், அதே வெளிச்சத்தில் நாயகி குதித்த படம் உலகத்தில் இல்லை. இருந்தால் நமக்கு இந்த வேலையே இல்லை.

ரீகன்ஸ்ட்ரக்ஷன் லாஸ் விடையோடு பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டு வித்தியாசத்தின் சராசரியைச் சொல்லும். அதனால் விடை இருக்கிற ஜோடிக்கு மட்டும்தான் அதற்கு அர்த்தம். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஒரே படத்தை இரண்டு பக்கமும் கொடுக்கும்போது, சோர்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டார்கெட்டை அப்படியே பிரதி எடுத்தால் போதும், லாஸ் பூஜ்யம். மாடல் அந்தச் சுலப வழியைத்தான் முதலில் பிடிக்கும். உங்கள் மாடல் அங்கேதான் நிற்கிறது என்று தோன்றுகிறது.

அந்தச் சோம்பேறித்தனத்தை உடைக்கிற ஒரே விசை ஐடென்டிட்டி லாஸ், அதுவும் வேறு ஆள் ஜோடியில். வெளியே வந்த படத்தை ஆர்க்ஃபேஸிடம் கொடுத்தால் 512 எண்கள் வரும். சோர்ஸ் படத்துக்கும் 512 எண்கள். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் கோசைன் 1க்குப் பக்கம், சம்பந்தமில்லாத இருவர் என்றால் 0க்குப் பக்கம். லாஸ் என்பது 1 கழித்தல் கோசைன். டார்கெட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தால் இங்கே மாட்டிக்கொள்ளும்.

பெர்செப்சுவலை அப்புறம் பார்ப்போம். முதலில் மூன்று லாஸின் எண்களையும் தனித்தனியாகப் போடுங்கள். கூட்டுத்தொகையைப் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

மாம்பலம்_அக்கா | மே 9, மதியம் 1:05

எங்கள் பாட்டியின் கல்யாண போட்டோ ஒன்று இருக்கிறது, கறுப்பு வெள்ளை. முகம் கரைந்து போயிருக்கிறது. என் தங்கை ஜாடை அப்படியே பாட்டி. தங்கை படத்தை சோர்ஸாக வைத்து இதே முறையில் பாட்டி முகத்தைத் தெளிவாக்க முடியுமா?

தரமணி_நைட்ஷிப்ட் | மே 9, மதியம் 1:40

அக்கா, செய்தால் தெளிவாக வரும், ஆனால் அது பாட்டியாக இருக்காது. ஐடென்டிட்டி லாஸ் தங்கையின் முகத்தை நோக்கித்தான் இழுக்கும். தங்கைக்குப் பாட்டி ஜாடை இருப்பது அதற்குத் தெரியாது. நீங்கள் கேட்பது பழைய படத்தைச் சீர்செய்வது, அது வேறு வேலை. அதிலும் பெர்செப்சுவல் லாஸ் பயன்படுத்துவார்கள். பார்வைக்கு நம்பும்படியான தோலையும் இமைமுடியையும் அது வரவழைக்கும். அவை படத்தில் இருந்தவை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மூலப் படத்தை ஸ்கேன் செய்து தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

சாலிகிராமம்_காம்ப் | மே 9, இரவு 10:20

எண்கள் இதோ, வெயிட் பெருக்குவதற்கு முன்பு.

ஆரம்பத்தில் ரீகன்ஸ்ட்ரக்ஷன் 0.32, பெர்செப்சுவல் 1.4, ஐடென்டிட்டி 0.97. இப்போது ரீகன்ஸ்ட்ரக்ஷன் 0.05, பெர்செப்சுவல் 0.5, ஐடென்டிட்டி 0.96.

தனியாகப் போட்டதும் எனக்கே தெரிகிறது. வெயிட்டோடு கூட்டினால் 9.45லிருந்து 5.80க்கு இறங்கியிருக்கிறது, 3.65 குறைவு. அதில் ஐடென்டிட்டியின் பங்கு 0.05தான். மற்ற இரண்டும் இறங்கினதைத்தான் நான் முன்னேற்றம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆர்க்ஃபேஸ் சரியாக ஓடுகிறதா என்று தனியாகச் சோதித்தேன். நாயகியின் இரண்டு படங்களுக்கு 0.6 சொச்சம், நாயகிக்கும் டூப்புக்கும் 0.05. ஆக அது சரியாகத்தான் பார்க்கிறது. ஐடென்டிட்டி வெயிட்டை 50 ஆக்கட்டுமா?

கிண்டி_ஹாஸ்டல் | மே 9, இரவு 10:55

வெயிட்டைத் தொடாதீர்கள். 0.97லிருந்து 0.96 என்றால் மெதுவாகப் போகிறது என்று அர்த்தமில்லை, போகவே இல்லை. வெயிட் குறைவாக இருந்தாலும் கொஞ்சமாவது அசையும். எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்று சொல்கிற கிரேடியன்ட் ஜெனரேட்டர் வரைக்கும் வந்து சேர்கிறதா என்று பாருங்கள். லாஸ் கணக்கிட்ட வரிக்குக் கீழே `print(l_id.requires_grad)` போடுங்கள்.

சாலிகிராமம்_காம்ப் | மே 9, இரவு 11:10

`False`.

கிண்டி_ஹாஸ்டல் | மே 9, இரவு 11:18

அப்போது இடம் தெரிந்துவிட்டது. ஆர்க்ஃபேஸை நாம் டிரெயின் செய்யவில்லை, அதை உறையவைக்க வேண்டும் என்று எல்லாரும் எழுதியிருப்பார்கள். அதை நம்பி இரண்டு அழைப்பையும் கிரேடியன்ட் கணக்கை நிறுத்துகிற `no_grad`க்குள் போட்டிருப்பீர்கள். சோர்ஸ் பக்கம் உள்ளே இருக்கலாம். வெளியீட்டின் பக்கம் உள்ளே இருந்தால் திரையில் எண் மட்டும் வரும், ஜெனரேட்டருக்கு ஒன்றும் போய்ச் சேராது.

```python
arcface.eval()
for p in arcface.parameters():
    p.requires_grad_(False)

with torch.no_grad():
    z_src = arcface(crop112(src))
z_out = arcface(crop112(out))
l_id = (1 - F.cosine_similarity(z_src, z_out)).mean()
```

ஆர்க்ஃபேஸின் எடைகள் மாறக்கூடாது, ஆனால் அதன் வழியாகக் கிரேடியன்ட் நடந்து போக வேண்டும். இரண்டும் வேறு வேறு. `eval()`ஐ விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற பேட்ச்நார்ம் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அளவுகோலை மாற்றிக்கொண்டே இருக்கும். `crop112` என்ற உங்கள் பங்ஷனுக்குள் படத்தை நம்பை அரே ஆக மாற்றித் திரும்பக் கொண்டுவந்தால் அங்கேயும் அறுந்துவிடும், அதையும் பார்த்துவிடுங்கள்.

பழைய_ரோட்டோ | மே 10, காலை 6:50

இதற்குத்தான் சொன்னேன், லாஸ் குறைய இருந்தால் அறுந்து போகிற இடமும் குறைவு. இரண்டே ஆள், ஒரே குறும்படம் என்றால் நான் இன்றைக்கும் இரண்டு டிகோடர் பக்கம்தான்.

தரமணி_நைட்ஷிப்ட் | மே 10, காலை 9:30

ஒரே ஜோடி ஆள் என்றால் அண்ணன் வழிக்கு வலுவான நியாயம் இருக்கிறது, மறுக்கமாட்டேன். ஆனால் அதற்கு நாயகியின் முகம் எல்லாக் கோணத்திலும் ஆயிரக்கணக்கில் வேண்டும். அது கையில் இருக்கிறதா என்று கேட்டவர்தான் சொல்ல வேண்டும்.

சாலிகிராமம்_காம்ப் | மே 11, மதியம் 3:30

இல்லை அண்ணே. நாயகியிடம் இருந்து கிடைத்தது ஒரு மதியம் எடுத்த படங்கள்தான். அதனால்தான் இந்த வழி.

`no_grad`க்கு வெளியே எடுத்தேன். ஐடென்டிட்டி 0.96லிருந்து 0.72 வரை இறங்கியது. நடுவில் கரண்ட் போய் செக்பாயின்ட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன், அக்னி நட்சத்திரத்தில் இது புதிதில்லை. ஆனால் 0.72க்குக் கீழே நகரவில்லை. முகத்தில் நாயகி கொஞ்சம் எட்டிப் பார்க்கிறாள், தாடை மாறுகிறது. கண்ணும் மூக்கும் இன்னும் டூப்தான். யாரோ எதிர்ப்பக்கம் இழுக்கிற மாதிரி இருக்கிறது.

தரமணி_நைட்ஷிப்ட் | மே 11, மாலை 6:15

யார் இழுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ரீகன்ஸ்ட்ரக்ஷன் எல்லா ஜோடிக்கும் போகிறதா, ஒரே பட ஜோடிக்கு மட்டுமா? பெர்செப்சுவல்?

சாலிகிராமம்_காம்ப் | மே 11, மாலை 6:40

ரீகன்ஸ்ட்ரக்ஷன் ஒரே பட ஜோடிக்கு மட்டும். பெர்செப்சுவல் எல்லாவற்றுக்கும், வெளியீட்டையும் டார்கெட்டையும் ஒப்பிட்டு. அது "பார்வைக்கு எப்படி இருக்கிறது" என்று பார்ப்பதுதானே, எல்லாவற்றுக்கும் நல்லது என்று விட்டுவிட்டேன்.

தரமணி_நைட்ஷிப்ட் | மே 11, இரவு 9:05

அங்கேதான் இழுபறி.

பெர்செப்சுவல் லாஸ் என்ன செய்கிறது என்று இப்போது பார்ப்போம். பிக்சலை நேராக ஒப்பிடாமல், இரண்டு படத்தையும் விஜிஜி என்கிற பழைய நெட்வொர்க்குக்குள் அனுப்பி, நடு அடுக்குகளில் வருகிற எண்களை ஒப்பிடுகிறது. 2016 வாக்கில் பரவலான உத்தி. விஜிஜி ஆயிரம் வகைப் பொருட்களைப் பிரித்தறியப் பழகினது. விளிம்பு, வளைவு, இழையமைப்பு, அப்புறம் கண் போன்ற வடிவம், இப்படி அடுக்கடுக்காகப் பார்க்கும். நாயகி யார், டூப் யார் என்று அதற்கு அக்கறையே இல்லை. ஆனால் டூப்பின் கண் வடிவத்தையும் மூக்கின் விளிம்பையும் அது நன்றாகவே பார்க்கிறது. "டார்கெட் மாதிரி இரு" என்று நீங்கள் சொன்னால் அந்தக் கண்ணையும் மூக்கையும் சேர்த்துத்தான் பிடித்து வைக்கும். ஐடென்டிட்டி லாஸ் அதே கண்ணையும் மூக்கையும் நாயகி பக்கம் இழுக்கிறது. 0.72 என்பது இரண்டும் சமரசம் ஆன இடம்.

ஒரே பட ஜோடிக்கு மட்டும் பெர்செப்சுவலை வையுங்கள். மாஸ்க் போடும்போது சராசரி எடுப்பதில் கவனம்.

```python
same = (src_idx == tgt_idx).float()
l1 = (out - tgt).abs().mean(dim=(1, 2, 3))
l_rec = (l1 * same).sum() / same.sum().clamp(min=1)
```

பேட்ச் முழுவதற்கும் வகுத்தால், பத்தில் இரண்டுதான் ஒரே பட ஜோடி என்னும்போது உங்கள் 10 என்கிற வெயிட் உண்மையில் 2 ஆகிவிடும். பெர்செப்சுவலுக்கும் இதே முறை.

இரண்டு வகை ஜோடியின் விகிதம் எவ்வளவு என்று அடுத்து கேட்பீர்கள். இதே வகை மாடலான ஃபேஸ்ஷிப்டரின் கட்டுரையில் 80 சதவீதம் வேறு ஆள் ஜோடி. இன்னொரு மாடலான சிம்ஸ்வாப்பில் ஒரு பேட்ச் ஒரே ஆள், அடுத்த பேட்ச் வேறு ஆள் என்று மாற்றி மாற்றி. அங்கே ஒரே ஆளின் வேறு வேறு படங்களைப் பயன்படுத்துகிறார்கள். அது நல்ல யோசனை. சோர்ஸும் டார்கெட்டும் அச்சாக ஒன்றே என்பதை வைத்துக் குறுக்கு வழி பிடிக்க மாடலுக்குச் சந்தர்ப்பம் குறைகிறது.

கிண்டி_ஹாஸ்டல் | மே 11, இரவு 9:50

ஒரு மறுப்பு. வேறு ஆள் ஜோடியில் டார்கெட்டோடு ஒப்பிடவே கூடாது என்று சொல்லிவிட முடியாது. அப்படியானால் டூப்பின் முகபாவம், வெளிச்சம், தலை திரும்பிய கோணம் இதையெல்லாம் யார் காப்பாற்றுவது? சிம்ஸ்வாப் டிஸ்கிரிமினேட்டரின் கடைசிச் சில அடுக்குகளை மட்டும் எடுத்து டார்கெட்டோடு ஒப்பிடுகிறது. ஆரம்ப அடுக்குகள் நுணுக்கமான தோற்றத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறது. ஆக எந்த ஆழத்தில் ஒப்பிடுகிறோம் என்பதுதான் விஷயம்.

தரமணி_நைட்ஷிப்ட் | மே 11, இரவு 10:10

ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னது விஜிஜியின் எல்லா அடுக்கையும் வைத்து முழு பலத்தோடு ஒப்பிடுவதைப் பற்றி. ஆழமான அடுக்கு மட்டும், குறைந்த வெயிட்டில், முகபாவத்துக்காக என்றால் முயற்சி செய்யலாம். விஜிஜி ஆழத்தில் முகபாவமும் ஆள் அடையாளமும் சுத்தமாகப் பிரிகிறது என்று மட்டும் எனக்கு நம்பிக்கை இல்லை.

சாலிகிராமம்_காம்ப் | மே 14, காலை 8:20

நல்ல சேதி. பெர்செப்சுவலை ஒரே பட ஜோடிக்கு மட்டும் ஆக்கினதும் ஐடென்டிட்டி 0.45 வரை வந்தது, அதாவது கோசைன் 0.55. நாயகி வந்துவிட்டாள். இயக்குநரிடம் காட்டினேன், கேட்காமலேயே பெயரைச் சொன்னார்.

சந்தோஷத்தில் வெயிட்டை 20 ஆக்கிப் பார்த்தேன். கோசைன் 0.86. எண்ணில் பிரமாதம், படத்தில் மோசம். டூப் வாயைப் பிளந்து கத்துகிற ஃபிரேமில் வாய் பாதிதான் திறக்கிறது. டூப் இடது பக்கம் பார்க்கிறாள், வெளியே வருகிற முகம் கேமராவைப் பார்க்கிறது. நான் சோர்ஸாகக் கொடுத்த படத்தில் நாயகி கேமராவைத்தான் பார்க்கிறாள். 0.55 வந்தபோது இந்தப் பிரச்சினை இல்லை.

தரமணி_நைட்ஷிப்ட் | மே 14, காலை 10:45

நாயகியின் உண்மையான படங்களையே ஒன்றோடொன்று ஒப்பிட்டு கோசைன் எவ்வளவு என்று சொல்லுங்கள். வேறு வேறு முகபாவம், வேறு வேறு வெளிச்சம்.

சாலிகிராமம்_காம்ப் | மே 14, மதியம் 12:30

0.52லிருந்து 0.74 வரை. பெரும்பாலும் 0.6 பக்கம்.

தரமணி_நைட்ஷிப்ட் | மே 14, மதியம் 1:15

அதுதான் உங்கள் உச்சவரம்பு. நாயகி தன்னோடு தானே ஒப்பிட்டால்கூட 0.74ஐத் தாண்டவில்லை. மாடல் 0.86 வாங்குகிறது என்றால் அது நாயகியைவிட நாயகியாக இருக்கிறது என்று அர்த்தமா? அந்த ஒரு சோர்ஸ் படத்தைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். ஆர்க்ஃபேஸின் 512 எண்களில் ஆள் அடையாளம் மட்டும் இல்லை. அந்தப் படத்தின் பார்வை, வாய், வெளிச்சம் எல்லாவற்றின் கசிவும் கொஞ்சம் இருக்கிறது. அளவுக்கு மேல் அழுத்தினால் அடையாளம் தீர்ந்த பிறகு அந்தக் கசிவை மாடல் பின்பற்ற ஆரம்பிக்கும்.

உண்மைப் படங்களின் சராசரிக்குப் பக்கம் வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்கு 0.6. முடிந்தால் நாயகியின் பல படங்களின் 512 எண்களைச் சராசரி எடுத்து, நீளத்தை 1 ஆக்கி, அதை சோர்ஸாகக் கொடுங்கள். தனிப் படத்தின் கசிவு குறையும்.

கிண்டி_ஹாஸ்டல் | மே 14, மதியம் 2:00

இன்னொன்று. எந்த நெட்வொர்க்கை லாஸாக வைத்தீர்களோ அதையே வைத்து மதிப்பெண் போடாதீர்கள். ஃபேஸ்ஷிப்டர்காரர்கள் டிரெயினிங்குக்கு ஆர்க்ஃபேஸ், சோதனைக்கு அதே மாதிரி இன்னொரு நெட்வொர்க்கான காஸ்ஃபேஸ் என்று பிரித்துத்தான் வைத்தார்கள். ஆர்க்ஃபேஸ் 112க்கு 112 படத்தைத்தான் பார்க்கிறது. உங்கள் வெளியீடு 224. பாதி அளவுக்குச் சுருக்கும்போது தோலின் துவாரம், இமைமுடி எல்லாம் போய்விடும். அவை எப்படி இருந்தாலும் ஐடென்டிட்டி லாஸ் எதுவும் சொல்லாது.

சாலிகிராமம்_காம்ப் | மே 15, இரவு 9:40

வெயிட் 8, சராசரி எடுத்த சோர்ஸ். ஆர்க்ஃபேஸில் 0.61. வேறொரு நெட்வொர்க்கில் சோதித்தால் வெயிட் 20க்கும் 8க்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆக 0.86இல் கூடுதலாக வந்த கால் பங்கு அந்த ஒரு நெட்வொர்க்கை மகிழ்விக்க வந்தது. வாய் முழுசாகத் திறக்கிறது, பார்வை டூப்பினுடையதாக இருக்கிறது.

இப்போது பாக்கி ஒன்று: பொட்டு. டூப் நெற்றியில் சின்னக் கறுப்புப் பொட்டு, கதைக்கு அது வேண்டும். வெளியீட்டில் சில ஃபிரேமில் இருக்கிறது, சிலவற்றில் சாம்பல் நிற மங்கல், சிலவற்றில் இல்லவே இல்லை. ஓட்டிப் பார்த்தால் கண் சிமிட்டுகிற மாதிரி வந்து வந்து போகிறது. பொட்டை ஐடென்டிட்டி லாஸ் அழிக்கிறதா?

மாம்பலம்_அக்கா | மே 15, இரவு 10:05

நாயகி படங்களில் பொட்டு இல்லையா? அதனால்தான் போகிறது என்று நினைக்கிறேன்.

தரமணி_நைட்ஷிப்ட் | மே 16, காலை 9:20

அக்கா நினைப்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் ஐடென்டிட்டி லாஸைக் குற்றம் சொல்வதற்கு முன்பு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

படம் 224க்கு 224, மொத்தம் 50,176 பிக்சல். பொட்டு சுமார் 6க்கு 6 என்று வைத்தால் 36 பிக்சல், 0.07 சதவீதம். பொட்டே இல்லாமல் அந்த இடத்தை வெறும் தோலாக வரைந்துவிட்டது, ஒவ்வொரு பிக்சலிலும் வித்தியாசம் 1.0 என்று வையுங்கள். சராசரியில் அது சேர்ப்பது 0.0007. முகம் முழுவதும் நிறம் 0.02 தள்ளியிருந்தால் அது சேர்ப்பது 0.02, கிட்டத்தட்ட 28 மடங்கு. ரீகன்ஸ்ட்ரக்ஷன் லாஸின் பார்வையில் பொட்டைத் தொலைப்பது தோல் நிறம் ஒரு இழை மாறுவதைவிடச் சின்ன விஷயம். நம் கண்ணுக்கோ முகத்தில் முதலில் படுவதே பொட்டுதான்.

முதல் நாள் சொன்னீர்களே, ஃபவுண்டேஷன் பூசினது போல மழுங்கல் என்று, அதுவும் இதன் உறவுதான். தோலின் புள்ளி எந்தப் பிக்சலில் விழும் என்று நிச்சயம் இல்லாதபோது, நடுத்தரமான ஒரு நிறத்தைப் பூசிவிடுவதுதான் பிக்சல் கணக்கில் பாதுகாப்பு. எல்லா இடத்திலும் கொஞ்சமாகத் தப்பும், எங்கேயும் பெரிதாகத் தப்பாது. உங்கள் சாம்பல் பொட்டும் அதே பாதுகாப்புதான்.

பெர்செப்சுவல் லாஸ் சம்பாதித்துக் கொடுப்பது இங்கேதான். விஜிஜி-16இன் மூன்றாவது தொகுதியின் கடைசி அடுக்கில் ஒவ்வொரு கட்டமும் மூலப் படத்தில் 40 பிக்சல் அகலத்தைப் பார்க்கிறது. அந்த அடுக்கு 56க்கு 56 கட்டம். 6 பிக்சல் பொட்டு சுமார் 11க்கு 11 கட்டங்களின் பார்வைக்குள் விழும், மொத்தத்தில் 4 சதவீதம் பக்கம். ஓரக் கட்டங்களில் அதன் தாக்கம் குறைவுதான், ஆனாலும் 0.07 எங்கே, 4 எங்கே. மங்கலான வட்டத்துக்கும் விளிம்பு கூர்மையான வட்டத்துக்கும் அங்கே வருகிற எண்களே வேறு, சமாளிக்க முடியாது.

ஒரே பட ஜோடியில் பெர்செப்சுவல் வெயிட்டை ஏற்றுங்கள், 1லிருந்து 3 வரை. டேட்டாவில் பொட்டு வைத்த முகங்கள் போதுமான அளவு இருக்கிறதா என்றும் பாருங்கள். மாடல் டிரெயினிங்கில் பொட்டையே அதிகம் பார்த்திராவிட்டால் எந்த வெயிட்டும் உதவாது.

பழைய_ரோட்டோ | மே 16, காலை 11:00

பொட்டைக் காம்பில் டிராக் செய்து மேலே ஒட்டிவிட்டால் அரை நாள் வேலை. இவ்வளவு கணக்கு எதற்கு? ஷாட் போய்ச் சேர வேண்டும், அதுதான் முக்கியம்.

சாலிகிராமம்_காம்ப் | மே 16, மதியம் 12:10

முதல் ஷாட்டுக்கு அப்படித்தான் செய்யப்போகிறேன் அண்ணே, ஞாயிற்றுக்கிழமை கொடுக்க வேண்டும். மற்றவற்றுக்கு மாடலே செய்தால் நல்லது. பொட்டு போனால் புருவ நடுவில் இருக்கிற நிழலும் போகிறது, அதை ஒட்ட முடியாது.

கிண்டி_ஹாஸ்டல் | மே 17, மாலை 5:30

பொட்டு டார்கெட்டுக்குச் சொந்தம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மீசை யாருக்குச் சொந்தம்? எங்கள் புராஜெக்ட்டில் சோர்ஸ் மீசைக்காரர், டார்கெட் மழித்தவர். ஐடென்டிட்டி வெயிட் கூடக்கூட மேலுதட்டில் நிழல் விழுகிறது. நண்பர்களில் பாதிப் பேர் அது தப்பு என்கிறார்கள், பாதிப் பேர் மீசை இல்லாமல் அவரை அடையாளமே தெரியாது என்கிறார்கள்.

தரமணி_நைட்ஷிப்ட் | மே 17, இரவு 8:45

லாஸுக்கு அதில் கருத்து கிடையாது. ஒரே ஆளின் மீசை வைத்த படத்தையும் மழித்த படத்தையும் ஆர்க்ஃபேஸ் ஒரே ஆள் என்று சொல்லத்தான் பழகியது, ஆனால் முழுக்க மறக்கப் பழகவில்லை. சராசரி சோர்ஸில் மழித்த படங்களையும் கலந்து பாருங்கள். எது வேண்டும் என்று இயக்குநர் முடிவு செய்யட்டும்.

சாலிகிராமம்_காம்ப் | மே 19, இரவு 11:55

பெர்செப்சுவல் 3 வைத்ததும் பொட்டு நின்றுவிட்டது. ஓடுகிற ஷாட்டில் ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை. விளிம்பு லேசாக நெளிகிறது, அது தாங்கும். 5 ஆக்கினால் தோலில் கட்டம் கட்டமாக மெல்லிய வலை தெரிகிறது, திரும்ப 3க்கு வந்துவிட்டேன்.

மாடியிலிருந்து குதிக்கிற ஷாட் இன்னும் சரியில்லை. டூப் முழுப் பக்கவாட்டில் திரும்பும்போது முகம் பழையபடி டூப்பாகிவிடுகிறது. நாயகியின் உண்மையான பக்கவாட்டுப் படத்தையே நேர்ப்படத்தோடு ஒப்பிட்டால் 0.3தான் வருகிறது. அந்தக் கோணத்தில் ஐடென்டிட்டி லாஸின் பேச்சையே நம்பலாமா என்று தெரியவில்லை. பக்கவாட்டுக்குத் தனியாக, பக்கவாட்டுப் படங்களின் சராசரியை சோர்ஸாக வைத்து ஓட விட்டிருக்கிறேன்.

தரமணி_நைட்ஷிப்ட் | மே 20, காலை 9:10

நேர்முகம், அரைப் பக்கம், முழுப் பக்கம் என்று கோசைனை மூன்றாகப் பிரித்து லாக் எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சராசரி எடுத்தால் மறுபடி கூட்டுத்தொகை கதைதான். ஆர்க்ஃபேஸுக்கு முன்னால் முகத்தை நேராக்குகிற படியில் பக்கவாட்டில் ஒரு கண்தானே தெரியும், அங்கே கிராப் கோணிக்கொள்கிறதா என்று நான்கைந்து ஃபிரேமைச் சேமித்துக் கண்ணால் பாருங்கள். கோணினால் அந்த 0.3ஐ வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.